ஓசையை வைப்பதா, பொருளை வைப்பதா?



நம் ஆலயத்தில் ஞாயிறு மாலைகளில் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையை வாசித்துவருவதை அறிவீர்கள். வாலிபர் சங்கத்தார் அதை அறுப்பின் பண்டிகையன்று நாடகமாக நடிக்க விரும்பி, ஆங்கில மூலத்தைப் பார்த்துத் தாங்களே தமிழில் வசனம் எழுதுகிறார்கள். முதல் காட்சியிலேயே ஒரு கேள்வி எழுந்தது. தன் நகரத்தை விட்டு ஓடும் கதாநாயகனை மறித்துத் திரும்ப அழைக்க இருவர் வருகிறார்கள். ஒருவன் பெயர் அப்ஸ்டினேட், மற்றவன் பெயர் ப்ளையபிள். இவர்களை மேடையில் எப்படி அழைப்பது? ஓசையை அப்படியே வைத்துக்கொள்வதா, பொருளைத் தமிழில் சொல்வதா? இந்த வாரம் இதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில் நம் வேதாகமத்தை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் இதே கேள்வி, கேட்காமலேயே, ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கிறது.

பெயர்களின் ஓசையை வைத்துக்கொண்டு பொருளை மறந்துவிடுவது நமக்குப் பழக்கமானதுதான். நம் ஊர்ப் பெயரை ஏரியும் காடும் சேர்ந்தது என்று பெரும்பாலோர் விளக்குவார்கள். ஆனால் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் பேருந்தில் ஏற்காட்டுக்குச் சீட்டு வாங்கும் எவரும் ஏரியையோ காட்டையோ நினைப்பதில்லை. சேர்வராயன் மலையை ஆங்கிலேயர் 'ஷெவராய்' ஆக்கினார்கள். அவர்கள் வைத்த 'லேடீஸ் சீட்' என்னும் பெயரை நாம் இன்றும் அப்படியே சொல்கிறோம். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவதே அந்தப் பெயரின் வேலை. ஓசை மட்டுமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயரும் அப்படியே. அருள் என்னும் பெயருள்ள ஒருவர் வெளிநாட்டுக்குப் போனால் அங்கே 'கிரேஸ்' ஆகிவிடமாட்டார்.

ஆனால் கதையில் வரும் மனிதனுக்கு முகமில்லை, ஊரில்லை, தகப்பனில்லை. எழுதியவர் அவனுக்குக் கொடுத்ததே அவனுடைய ஆஸ்தி முழுவதும். அந்த ஆஸ்தியில் பெரும்பங்கு அவனுடைய பெயராக இருக்கும்போது, ஓசையை மாத்திரம் கொண்டுவருகிறவர் அவனை வெறுங்கையனாகக் கொண்டுவருகிறார். பனியன் தகரப் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. பெட்ஃபோர்டு சிறையில் நெடுங்காலம் இருந்தவர். 1678-இல் அவருடைய புத்தகத்தை வாசித்த எளிய ஜனங்களுக்கு 'அப்ஸ்டினேட்' என்பது ஒரு பெயராகக் கேட்கவில்லை. தங்கள் வீட்டில் தினமும் புழங்கும் சொல்லாகக் கேட்டது. அந்த மனிதன் வாயைத் திறக்கும் முன்னரே அவர்கள் அவனை அறிந்துகொண்டார்கள். நம் மேடையில் 'அப்ஸ்டினேட் வருகிறார்' என்றால் நம் பாட்டிமார் யாரோ ஒரு எஸ்டேட் துரை வருகிறார் என்றே எண்ணுவார்கள்.

இந்த வழியில் நமக்கு முன்பே நடந்தவர் ஒருவர் உண்டு. 1827-இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. பனியனின் கதையைத் தழுவி, 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894-இல் நூலாக வெளிவந்தது. கம்பனில் ஊறிய செவி அவருடையது. அந்தச் செவிக்கு வெறும் ஓசையாக நிற்கும் பெயர் ஒவ்வாது. ஆகவே அவர் பொருளைத் தெரிந்துகொண்டார். பிடிவாதக்காரனை வன்னெஞ்சன் என்றும், எளிதில் வளைகிறவனை மென்னெஞ்சன் என்றும் அழைத்தார். உண்மையுள்ளவனாய் மரிக்கிற தோழனுக்கு நிதானி என்று பெயரிட்டார். கதாநாயகனை ஆத்தும விசாரி என்றார்.

இந்தக் கடைசிப் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். விசாரி என்றால் ஆராய்கிறவன், கேட்டறிகிறவன். அதே வேளையில் விசாரம் என்பது கவலையையும் குறிக்கும். நம் வீடுகளில் முதியவர்கள் 'என்ன விசாரமாய் இருக்கிறாய்?' என்று கேட்பதைக் கேட்டிருக்கிறீர்கள். தன் ஆத்துமாவைக் குறித்து விசாரிக்கிறவனும் விசாரப்படுகிறவனும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள். முதுகில் சுமையோடு, கையில் புத்தகத்தோடு, அழுதுகொண்டு நிற்கும் அந்த மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. மூலத்தில்கூட இந்த இரட்டைப் பொருள் இல்லை.

ஆனாலும் வாலிபர்கள் கிருஷ்ணபிள்ளையின் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ள முயன்றபோது இரண்டு இடங்களில் தடை வந்தது. அந்தத் தடைகளை நான் நல்ல பாடமாகவே கருதுகிறேன்.

முதலாவது, மென்னெஞ்சன். வன்னெஞ்சனோடு சேர்த்து வாசிக்கும்போது அது செவிக்கு இனிய இணை. செய்யுளில் அந்த இணையே பொருளையும் தாங்குகிறது. ஆனால் மேடையில் அவன் தனியாக வந்தபோது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அவனை நல்லவன் என்று எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய நெஞ்சு என்றால் நம் பேச்சில் இரக்கமுள்ள நெஞ்சு அல்லவா? பனியன் காட்டும் மனிதன் இரக்கமுள்ளவன் அல்லன். வாக்குத்தத்தங்களைக் கேட்டவுடன் பின்தொடர்கிறான். முதல் சேற்றில் விழுந்தவுடன், இதுதானா நீ சொன்ன பாக்கியம் என்று கோபித்துக்கொண்டு, தன் வீட்டுக்கு அருகான கரையில் ஏறித் திரும்பிவிடுகிறான். மென்மை அவனுடைய குற்றமன்று. யார் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் சாய்வதே குற்றம். ஒரு பெயர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, அதைத் தனியே ஒரு பிள்ளையிடம் சொல்லி, இவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று கேட்டால் போதும். பல பெயர்களைச் சொல்லிப் பார்த்து, கடைசியில் 'வளைநெஞ்சன்' என்று முடிவாயிற்று. வன்னெஞ்சனோடு ஓசை இணையும் கெடவில்லை.

இரண்டாவது, நிதானி. இங்கே சொல்லின் மேல் குற்றமில்லை, காலமே மாறிவிட்டது. நிதானம் என்றால் இன்று நம் பிள்ளைகளுக்கு அவசரப்படாமை, மெதுவாகச் செல்லுதல். மலைப்பாதை வளைவுகளில் ஓட்டுநரிடம் நாம் கேட்டுக்கொள்வது நிதானத்தைத்தான். ஆகவே மாயாபுரியில் சாட்டையடியும் கல்லெறியும் பட்டு, கடைசியில் எரிக்கப்பட்டு மரிக்கும் சாட்சிக்கு அந்தப் பெயர் ஏன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பழைய வழக்கில் நிதானம் என்பதற்குச் செம்மை, நேர்மை என்னும் பொருளும் உண்டு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 2:15-ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்துப் பாருங்கள். சத்திய வசனத்தை எப்படிப் பகுத்துப் போதிக்கவேண்டும் என்று சொல்லும் இடத்தில் இதே சொல் நிற்கிறது. அங்கே அதன் பொருள் மெதுவாக என்பதல்ல. கோணாமல், சரியாக என்பது. கிருஷ்ணபிள்ளை அந்த நிதானத்தைத்தான் தம் சாட்சிக்குச் சூட்டினார்.

பொருளை மொழிபெயர்க்கிறவர் ஏற்கவேண்டிய அபாயம் இது. ஓசை எளிதில் கெடுவதில்லை, பொருள் கெடும். மூலத்துக்கும் அது நேர்ந்திருக்கிறது. சந்தேகக் கோட்டையின் இராட்சதனுக்கு ஒரு மனைவி உண்டு. அவள் பெயர் டிஃபிடென்ஸ். இன்றைய ஆங்கில அகராதியைத் திறந்தால் கூச்சம், தன்னடக்கம் என்றிருக்கும். அப்படியே மொழிபெயர்த்தால், பிரயாணிகளை அடித்து நொறுக்கும்படி ஒவ்வோர் இரவும் புருஷனுக்கு ஆலோசனை சொல்லும் அந்த ஸ்திரீ கூச்சமுள்ளவள் ஆகிவிடுவாள்! பனியனின் நாளில் அந்தச் சொல்லுக்கு நம்பாமை என்று பொருள். பெயரும் செயலும் பொருந்தாமல் விழிக்கும்போது, சொல்லின் வயதைப் பார்க்கவேண்டும். எங்கள் நாடகத்தில் அவள் 'அவநம்பிக்கையாள்'.

அப்படியானால் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடலாமா? கூடாது. பனியனே சில பெயர்களை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறார். தாழ்மையின் பள்ளத்தாக்கில் கதாநாயகனை எதிர்த்து வரும் சத்துருவின் பெயர் அப்பொல்லியோன். ஆங்கிலச் சொற்களால் பெயரிடப்பட்ட கூட்டத்தின் நடுவே இந்தக் கிரேக்கப் பெயர் தனித்து நிற்கிறது. அழிக்கிறவன் என்று அவர் எளிதாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை; ஏனெனில் அது அவர் உண்டாக்கிய பெயரல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 9:11-இலிருந்து எடுத்தது; கேட்கிறவனுடைய நினைவு அந்த வசனத்துக்கு ஓடவேண்டும். நம் தமிழ் வேதாகமத்திலும் அதே ஓசைதான் இருக்கிறது. அதை அழிப்பான் என்று மாற்றினால் பொருள் கிடைக்கும், வசனம் தொலைந்துபோகும். பியூலா தேசமும் அவ்வாறே. அது ஏசாயா 62:4-இல் உள்ள பெயர். விவாகமானவள் என்பது அதன் பொருள். நம் சபைகளில் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் இருக்கிறது! பொருள் மறந்துபோனாலும் தமிழ் மண்ணில் வேரூன்றிய பெயர் அது. மாற்ற மனம் வரவில்லை.

கதாநாயகனின் பெயரும் இந்த இடத்தில்தான் தீர்ந்தது. ஆத்தும விசாரி என்னும் பெயரை நான் எவ்வளவு நேசித்தாலும், நாடகத்துக்கு அது உதவவில்லை. அலங்கார மாளிகையின் வாசற்காவலன் அவனுடைய பெயரைக் கேட்கும்போது, இப்பொழுது என் பெயர் கிறிஸ்தியான், முன்பு என் பெயர் கிருபையற்றவன் என்னும் கருத்தில் பதில் சொல்கிறான். இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பெயரின் பொருள் கேட்கவேண்டும். அவனிடத்தில் எது இல்லாதிருந்தது என்று அது சொல்கிறது. இரண்டாம் பெயரின் ஓசை கேட்கவேண்டும். அவன் யாருடையவன் என்று அந்த ஓசைக்குள் ஒரு நாமம் இருக்கிறது. ஆகவே ஒரே மனிதனின் இரண்டு பெயர்களில் ஒன்றை மொழிபெயர்த்தோம், மற்றொன்றை விட்டுவைத்தோம்.

இதை எழுதும்போது ஓசியாவின் மகளை நினைக்கிறேன். கதாபாத்திரமாக அல்ல, கதை பெயரின்மேல் ஏறி நடக்கும் மற்றோர் இடமாக. தேவன் அவளுக்கு லோருகாமா என்று பெயரிடச் சொன்னார் (ஓசியா 1:6). எபிரெயத்தில் 'லோ' என்றால் இல்லை. இரக்கம் பெறாதவள் என்பது பெயரின் பொருள். இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கு வரும்போது அந்த 'லோ' உதிர்ந்துவிடுகிறது, மீந்திருப்பது ருகாமா. ஓர் அசை விழுந்தது, ஒரு தண்டனை நீங்கியது. எபிரெயச் செவி அந்த இடத்தில் துள்ளியிருக்கும். நம் தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் ஓசையையே வைத்திருக்கிறது. தீர்க்கதரிசியின் வீட்டில் மெய்யாகவே கூப்பிடப்பட்ட பெயர் என்பதால் அது தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அதிகாரங்களைச் சபையில் வாசிக்கிறவர், வாசிக்கும் முன் அந்தச் சிறிய 'லோ'வைக் குறித்து ஒரு வாக்கியம் சொல்லாவிட்டால், கேட்கிறவர்களுக்கு இரண்டு அந்நியப் பெயர்கள் மாத்திரமே மிஞ்சும்.

இனி, எங்களை அதிகம் நிறுத்திவைத்த பெயருக்கு வருகிறேன். மாயாபுரியின் நியாயஸ்தலத்தில் பன்னிரண்டு பேர் தீர்ப்புச் சொல்ல உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தலைவனின் பெயர் பிளைண்ட்மேன். அவன் முதலாவது எழுந்து, இந்த மனிதன் வேதப்புரட்டன் என்பதை நான் தெளிவாகக் காண்கிறேன் என்கிறான். பனியனின் கசப்பான நகைச்சுவை முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. ஓசையை வைத்தால் அந்த வாக்கியம் செத்துப்போகும். ஆகவே வாலிபர்கள் தயங்காமல் குருடன் என்று எழுதியிருந்தார்கள்.

நம் சபையில் பார்வை இழந்தவர்கள் இருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, நாடகத்தின் ஒவ்வொரு சொல்லையும் நம் எல்லோரையும்விடக் கூர்மையாகக் கேட்கப்போகிறவர்கள் அவர்கள்தாம். ஒரு குற்றமற்றவனைக் கொலைக்கு ஒப்புக்கொடுக்கும் பொய்யனின் பெயராக அந்தச் சொல்லை அவர்கள் கேட்கவேண்டுமா? பழைய வேதாகமத்தில் அந்தச் சொல் இருக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டார், நியாயமான கேள்விதான். அங்கே அது ஒரு நிலையின் பெயர். இயேசு அந்த நிலையில் இருந்தவர்களைத் தொட்டார். இங்கே அது ஒரு துன்மார்க்கனின் அடையாளம். மரியாதைக்காகப் 'பார்வையற்றவர்' என்று மாற்றலாமென்று ஒருவர் சொன்னார். அது இன்னும் மோசம். இன்று நாம் மதிப்போடு சொல்லும் சொல்லையே குற்றவாளிக்குக் கொடுத்ததாகும்.

மறுபடியும் கதைக்கே போனோம். இந்த மனிதனுக்குக் கண் இல்லாதது குற்றமா? இல்லை. அவன் காணமாட்டேன் என்கிறான், அதுவே குற்றம். அந்த நோக்கத்தோடு தேடியபோது, எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரி ஒருவர், தலைநிமிராமல் புளி ஆய்ந்துகொண்டே, 'கண்மூடி என்று வையுங்களேன், ஐயரே' என்றார். கண்மூடித்தனம் என்று நாம் அன்றாடம் சொல்வதுதான். கண்ணுள்ளவனே கண்ணை மூட முடியும். கண்மூடி எழுந்து, நான் தெளிவாகக் காண்கிறேன் என்று சொல்லும்போது பனியனின் நகைப்பு ஒரு துளியும் சிந்தாமல் வந்துவிடுகிறது. முன்வரிசையில் இருப்பவர்களும் நம்மோடு சேர்ந்து சிரிக்கலாம். மூலத்தின் சொல்லைவிட மூலத்தின் கருத்துக்கு இது நெருக்கமானது என்றுகூட நான் சொல்வேன்.

ஒரு பெயர் மட்டும் இன்னும் தீரவில்லை. சாட்சியாக மரித்தவனுடைய மரணத்தைக் கண்டு, மாயாபுரியிலிருந்து புறப்பட்டு, கிறிஸ்தியானோடு கடைசிவரை நடக்கும் தோழன் ஹோப்ஃபுல். தமிழில் நம்பிக்கை என்று எளிதாகச் சொல்லலாம். ஆனால் நம்பிக்கை என்பது ஆள் அல்ல, குணம். பனியன் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தவர். 1684-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் ஒரு முதியவர், என் பெயர் நேர்மை என்னும் குணமல்ல, நேர்மையுள்ளவன் என்பதே என்று வெட்கத்தோடு திருத்துகிறார். குணத்தின் பெயரைத் தாங்கும் அளவுக்குத் தாம் பெரியவரல்ல என்பது அவருடைய தாழ்மை. அந்த நியாயப்படி இவனும் நம்பிக்கையன் என்றோ நம்பிக்கையுள்ளான் என்றோ இருக்கவேண்டும். வாலிபர்களில் பாதிப்பேர் அப்படியே சொல்கிறார்கள்.

மற்றப் பாதிப்பேர் கடைசிக் காட்சியைச் சுட்டிக்காட்டுகிறார்கள். பாலமில்லாத நதி. கிறிஸ்தியான் இறங்கியவுடன் அமிழத் தொடங்குகிறான்; இருள் சூழ்கிறது; பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன. அப்பொழுது தோழன் அவனுடைய தலையைத் தண்ணீருக்குமேல் தாங்கிப் பிடிக்கிறான். இந்த இடத்தில் பின்னணியில் ஒருவர் வாசிக்கவேண்டிய வாக்கியம்: நம்பிக்கை அவன் தலையைத் தாங்கிப்... இதற்குமேல் பிடித்தான் என்று முடிப்பதா, பிடித்தது என்று முடிப்பதா? ஆங்கிலத்தின் வினைச்சொல்லில் இந்த வேறுபாடு தெரியாது. நம் தமிழ் ஒளித்துவைக்க விடுவதில்லை. விகுதி ஆளா குணமா என்று கேட்டுவிடும். நம்பிக்கையன் என்றால் கேள்வியே எழாது; காட்சியும் அத்தனை ஆழமாக இராது. நம்பிக்கை என்று வைத்துப் பிடித்தான் என்று முடித்தால் இலக்கணம் ஒரு கணம் இடறும். அந்த இடறல் வேண்டும் என்பது என் கட்சி. நம் வாலிபர் சங்கச் செயலாளர் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் தமிழாசிரியர்.

வருகிற ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நதிக் காட்சியை இரண்டு விதமாகவும் வாசிக்கக் கேட்போம். கண்மூடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேருக்கும் இன்னும் பெயர் தேவை. உங்களுக்குத் தோன்றுவதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். மாலையில் பனி இறங்குகிறது. மேல் எஸ்டேட்டிலிருந்து நடந்து வருகிறவர்கள் கைவிளக்கு எடுத்துவர மறவாதிருங்கள்.